மேலாளரிடம் எதைக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

வாடிக்கையாளர் சேவைக் குழுவில் வேலை செய்கிறேன். பகல் வேலை போக, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு அவசர அழைப்புகளும் எனக்குத்தான். வாராந்திர அறிக்கை, புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி எல்லாம் என் தலையில். தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. சின்ன மெயிலைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. மேலாளரிடம் சொன்னால் திறமை இல்லாதவள் என்று நினைத்துவிடுவாரோ?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

"ரொம்ப வேலையாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். எதைக் குறைப்பது, யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும் பொறுப்பு முழுக்க அவர் பக்கம் போய்விடும். சட்டென்று அவருக்குத் தோன்றுவது "இரண்டு நாள் லீவு எடுங்கள்" என்பதுதான். திரும்பி வரும்போது அந்த இரண்டு நாள் வேலையும் சேர்ந்து காத்திருக்கும்.

அதனால் எந்த வேலை, யாருக்கு, எதுவரை என்பதை நீங்களே முடிவு செய்துகொண்டு போங்கள். உங்கள் நிலைமையில் நான் முதலில் கை வைப்பது இரவு அழைப்பில்தான். தூக்கம் உடைவது அங்கேதான். பயிற்சியை விடமாட்டேன். அந்த இருவரும் தேறினால்தான் இரவு முறைக்கு ஆள் கூடும். அழைப்புப் பதிவில் எந்தெந்த இரவு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பது இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் அல்லாமல் தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்கி, இப்படிச் சொல்லலாம்:

"போன வாரம் மூன்று இரவு ஒரு மணிக்கு மேல் எழுந்தேன். வெள்ளிக்கிழமை ஒருவருக்குப் போகவேண்டிய பதிலை இன்னொருவருக்கு அனுப்ப இருந்தேன். ஆறு வாரம் இரவு முறையிலிருந்து என்னை விடுவியுங்கள். இரவில் தேங்கும் புகார்களைக் காலையில் நான் பார்க்கிறேன். அறிக்கையை அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தருகிறேன். பயிற்சி என்னிடமே இருக்கட்டும், ஏழாவது வாரம் புதியவர்களில் ஒருவர் இரவு முறையில் சேரலாம். மூன்றாவது வாரம் உட்கார்ந்து பேசுவோம்."

முடிவுத் தேதியும் நீங்கள் தொடர்ந்து செய்யப்போகும் வேலைகளும் இதில் இருப்பதால், திறமையைப் பற்றிய சந்தேகத்துக்கு அவ்வளவாக இடமில்லை. ஒன்றுதான் முடியும் என்று அவர் சொன்னால் இரவு முறையிலிருந்து விடுவிக்கக் கேளுங்கள், அறிக்கை பற்றிய கோரிக்கையை விட்டுக்கொடுங்கள். "எல்லோருக்கும்தான் அசதி" என்றால் வாதாட வேண்டாம். "சரி சார், இந்த மூன்று இரவுகளுக்கு என்ன செய்யலாம்?" என்று பதிவைக் காட்டுங்கள்.

ஒப்புக்கொண்டதை அன்றைக்கே நான்கு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் கரையும்: புதிதாக ஒரு வேலை வரும், நீங்களும் பழக்கத்தில் தலையாட்டிவிடுவீர்கள். அப்போது "எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு எதை நிறுத்தட்டும்?" என்று கேளுங்கள்.

அப்புறம், இந்த வாரமே ஒரு மருத்துவரையும் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே இதே அசதியாகத்தான் தெரியும். அவற்றை வேலைக் குறைப்பு மட்டும் சரிசெய்யாது.