டாரஸ், டம்மி, லிஃப்ட்: பின் ஆக்ஸில் பற்றிச் சில கேள்விகள்

டாரஸ் என்று சொல்லும் பத்து வீல் வண்டி ஓட்டுகிறவர்களும் வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் பின்னால் இருக்கும் இரண்டு ஆக்ஸிலைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து நாலாக்கிவிட்டேன்.

பின்னால் இருக்கும் இரண்டு ஆக்ஸிலும் பாரத்தைச் சரிபாதியாகத்தான் சுமக்கின்றனவா? எனக்கு டிரைவ் ஆக்ஸில் டயர் மட்டும் சீக்கிரம் போகிறது.

சரிபாதியாகப் போக வேண்டும் என்று செய்தால் போகும், தானாகப் போகாது. டிப்பர்களில் பின்னால் இரண்டு ஆக்ஸிலும் ஜோடியாக வரும் டேண்டமில் பட்டைக்கட்டு ஸ்பிரிங்கைக் கவிழ்த்து, நடுவில் சேஸிஸோடு ஒரு அச்சில் மாட்டியிருப்பார்கள், அதன் இரண்டு நுனியும் இரண்டு ஆக்ஸில் மேல் உட்காரும். அது ஒரு துலாக்கோல், அவ்வளவுதான். முன் ஆக்ஸில் மேட்டில் ஏறினால் துலா சாய்ந்து பின் ஆக்ஸிலைக் கீழே அழுத்தும், பாரம் ஏறத்தாழ அப்படியே பங்காகும். இரண்டில் ஒன்று பாரம் மட்டும் சுமக்கும் டம்மி ஆக்ஸிலாக உள்ள வண்டிகளில் ஆக்ஸிலுக்கு ஒரு பட்டைக்கட்டு தனித்தனியாக இருக்கும், நடுவில் ஒரு சின்ன ராக்கர் இரண்டையும் இணைக்கும். இந்த ராக்கரின் இரண்டு கையும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்றில்லை. டம்மிக்கு எஞ்சின் இழுவை கிடையாது என்பதால், சக்கரம் வழுக்காமல் இருக்க டிரைவ் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பாரம் விழும்படியே சில வண்டிகளை அமைக்கிறார்கள். அதனால் முதலில் உங்கள் வண்டிக்கு என்ன பங்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் எடை மேடைக்குப் போய் ஆக்ஸில் ஆக்ஸிலாகப் போடுங்கள்: முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்போது ஒரு எடை, டிரைவும் ஏறியதும் ஒன்று, முழு வண்டியும் ஏறியதும் ஒன்று. கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் பங்கும் கிடைத்துவிடும், ஆனால் மேடையும் அதன் இருபுறத் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய். சரிபாதி அமைப்புள்ள ஒரு வண்டியை இப்படிப் போட்டபோது டிரைவில் 11.9 டன், டம்மியில் 7.3 டன் வந்தது. கழற்றினால் ராக்கர் புஷ் துருவேறி அச்சோடு பிடித்துக்கொண்டிருந்தது, துலா ஆடவே இல்லை. புஷ் மாற்றியதும் 9.8, 9.4. அதுவரை டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார் ஓனர்.

நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 11.5 டன் என்கிறார்கள், டேண்டமுக்கு 21 டன்தான். ரெண்டு 11.5 என்றால் 23 வர வேண்டாமா?

ஆக்ஸில் எவ்வளவு பாரம் சுமக்கலாம் என்று 2018 திருத்தத்தில் வந்த அளவுகள் இவை. அதற்கு முன் 10.2, 19. இரண்டிலுமே டேண்டமுக்கு இரட்டிப்பு கிடையாது, காரணம் சாலை. இரண்டு ஆக்ஸிலும் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நின்றால், தார் மேற்பரப்பில் தனித்தனிப் பாரமாக இருப்பது கீழே மண் அடுக்குக்குப் போகப் போகப் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பங்கு பிசகும் என்பதற்கும் இதில் இடம் விட்டது போல ஆகிறது. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து வந்த நான்காம் அடுக்கு விதிப்படி, ஆக்ஸில் பாரம் இரண்டு மடங்கானால் சாலைச் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. 21 டன்னை 10.5, 10.5 என்று சுமக்காமல் 12.6, 8.4 என்று சுமந்தால், மொத்த எடை மாறாமலே சேதம் கால் பங்கு கூடிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டேக் ஆக்ஸிலை இறக்கினால் வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறது. கொண்டை ஊசி வளைவில் லோடோடு ஒரு நிமிஷம் தூக்கிவிட்டுத் திரும்பலாமா?

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி உள்ள மலைப்பாதையில் கை தானாக சுவிட்சுக்குப் போகும், புரிகிறது. டேக் என்பதும் டிரைவுக்குப் பின்னால் இருக்கும் டம்மிதான், தூக்க முடிந்தால் லிஃப்ட். முதலில் ஏன் திரும்பவில்லை என்று பார்ப்போம்.

முன் ஆக்ஸிலிலிருந்து டிரைவ் 4.88 மீட்டர், அதிலிருந்து டேக் 1.37 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். டேக் மேலே இருந்தால் வண்டி டிரைவை மையமாக வைத்துத் திரும்பும். இறக்கியதும் அந்த மையம் இரண்டுக்கும் நடுவே, 5.6 மீட்டருக்குப் போய்விடும். இரண்டு ஆக்ஸிலும் திரும்பாதவை, ஒரே வட்டத்தில் இரண்டும் நேராக உருள முடியாது. முன் ஆக்ஸிலின் நடு 12 மீட்டர் ஆர வளைவில் போகும்போது டிரைவ் டயர்கள் ஏறக்குறைய 4 டிகிரி உள்பக்கமாகவும், டேக் டயர்கள் அதே அளவு வெளிப்பக்கமாகவும் இழுபடும். டிப்பர் திரும்பிய யார்டில் தரையில் கறுப்பு வில் வில்லாகக் கிடப்பது இதுதான். இந்த இழுபறி வண்டியை நேராகப் போகத் தள்ளும், அதை எதிர்த்து இழுப்பது முன் டயர் இரண்டும்தான். அதனால் வண்டி 5.6 மீட்டர் வண்டி போல நகர்ந்தாலும், ஸ்டியரிங்கை 6 மீட்டர் வண்டிக்கு ஒடிப்பது போல ஒடிக்க வேண்டியிருக்கும். ஈரத்திலோ மணலிலோ முன் டயருக்குப் பிடி குறைந்தால், எவ்வளவு ஒடித்தாலும் நேரே போய் நிற்பதும் இதனால்தான். உள்வெட்டும் கூடும்: அதே வளைவில் பின்பக்கம் முன் ஆக்ஸில் போகும் கோட்டைவிட 1.04 மீட்டர் உள்ளே வந்தது இப்போது 1.4 மீட்டர் வரும், ஒரு அடிக்கு மேல்.

சரி, லோடோடு தூக்கினால்? மொத்தம் 26 டன், எடை மையம் முன் ஆக்ஸிலிலிருந்து 4.1 மீட்டரில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேக் கீழே, சரிபாதிப் பங்கு என்றால் முன்னால் 6.8 டன், பின்னால் 19.2 டன், அதாவது ஆக்ஸிலுக்கு ஒன்பதரை. தூக்கியதும் தாங்குமிடம் முன்னே நகர்வதால் டிரைவ் ஒன்றே 21.8 டன் சுமக்கும், முன்னால் 4.2 டன்தான் மிஞ்சும். 11.5 டன் ஆக்ஸிலுக்கு இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த ஒரு நிமிஷத்தில் ஹவுசிங், பட்டை, நாலு டயர் எல்லாவற்றுக்கும் அடி, அதே நேரம் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் ‘சுகமாக’ இருப்பதாகத் தோன்றும். அந்தச் சுகம் முன் சக்கரம் தரையை விடுவதன் அடையாளம்.

காலி வண்டியில் தூக்குவதில் தப்பில்லை, அதற்குத்தான் லிஃப்ட். ஒன்று மட்டும்: மையம் முன்னே வந்ததால் அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் நீளமானதற்குச் சமம். இடதுபக்கம் ஒடித்துத் திரும்பும்போது வலது பின்மூலை வெளியே வீசும், பெட்ரோல் பங்க் தூண்களில் இருக்கும் காயங்கள் பல இப்படி வந்தவை.

யூரோப் வண்டிகளில் டேக் ஆக்ஸிலும் திரும்புகிறதே, நமக்கு அது போட்டால் என்ன?

அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்டியரிங்கோடு சேர்ந்து எதிர்த்திசையில் ஒடிபடுவது. இன்னொன்று தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தரை இழுக்கும் பக்கம் தானாகத் திரும்புவது. இரண்டிலும் இழுபறி பெருமளவு போய்விடும், திரும்பும் மையமும் டிரைவுக்குப் பக்கமாக வந்துவிடும். தானாகத் திரும்பும் வகையை ரிவர்ஸில் அப்படியே விட்டால் தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினது போல மறுபக்கம் மடங்கிக்கொள்ளும், அதனால் ரிவர்ஸ் போட்டதும் நேராகப் பூட்டிவிடும்படி இருக்கும், அந்தப் பூட்டு வேலை செய்யாவிட்டால் டயர் பக்கவாட்டில் கிழியும். இருக்கும் டம்மியைக் கழற்றிவிட்டு வெளியில் செய்து மாட்டலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அந்த ராக்கரின் கைநீளமும் பிரேக் பங்கும் உங்கள் டம்மிக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டவை, வேறு ஆக்ஸிலை அதில் தொங்கவிட்டால் முதல் கேள்விக்கே திரும்பி வருவீர்கள்.