‘வரி தனி’ என்ற ஒரு வரி: கொட்டேஷன் கேள்வி பதில்

பெங்களூரில் இருபது வருடமாக கம்பெனிகளுக்குப் பர்ச்சேஸ் பார்க்கிறேன். போன ஞாயிறு அல்சூரில் நம் ஆட்கள் சிலர் கூடியபோது வந்த கேள்விகள் இவை.

“அண்ணா, பீன்யாவில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், ஜிஎஸ்டி பதிவு உண்டு. கோயம்புத்தூரிலிருந்து 12 இரும்பு ரேக்குக்கு கொட்டேஷன் வாங்கினேன். கடைசியாக ‘டாக்ஸ் எக்ஸ்ட்ரா’ என்றிருந்தது. நான் 1,19,412 ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்தேன். பில் 1,20,567-க்கு வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?”

இல்லை தம்பி, பில் சரி. உன் கணக்கு எங்கே பிசகியது என்று பார்ப்போம்.

ரேக் ஒன்று 8,400. பன்னிரண்டுக்கு 1,00,800. ஐந்து சதவீதத் தள்ளுபடியில் 5,040 போக 95,760. இதுவரை உனக்கும் அவருக்கும் ஒரே கணக்குதான். அடுத்ததில்தான் பிரிகிறீர்கள். நீ 95,760-க்கு மட்டும் 18 சதவீதம் போட்டு 1,12,996.80 ஆக்கினாய். அப்புறம் பேக்கிங் 2 சதவீதம், அதாவது 1,915.20, லாரி வாடகை 4,500 இரண்டையும் அதன் மேல் வைத்தாய். அவர் அந்த இரண்டையும் முதலில் சேர்த்தார். 95,760, 1,915.20, 4,500 மூன்றும் சேர்ந்து 1,02,175.20. அந்த மொத்தத்துக்கு 18 சதவீதம் 18,391.54. ஆக 1,20,566.74, ‘ரவுண்ட் ஆஃப்’ வரியில் 26 பைசா ஏறி 1,20,567.

விற்பவர் தன் பில்லில் பேக்கிங், அனுப்பும் செலவு என்று எதை வாங்கினாலும் அது பொருளின் விலையோடு சேர்ந்துவிடும், பொருளுக்கு உள்ள வரியே அதற்கும். நீ விட்ட 1,155 ரூபாய், அந்த 6,415.20-க்கு உண்டான வரிதான். நானும் 2018-இல் இதே தப்பைச் செய்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தள்ளுபடி வரிக்கு முன்னால் கழிந்திருப்பதையும் கவனி. பில்லிலேயே காட்டினால்தான் அப்படி. ‘அப்புறம் பார்த்துப் போட்டுத் தருகிறேன்’ என்று வாயால் சொன்னது பில்லில் ஏறாது; முழு விலைக்கு வரி கட்டுவாய்.

“சார், அதே லாரி வாடகைக்கு எங்கள் சப்ளையர் வரியே போடுவதில்லை. நீங்கள் சொல்வது தப்பில்லையா?”

‘டு பே’ என்று போட்டு வருகிறதா? அப்படியானால் லாரி ஆபீசில் நீங்களே நேரே பணம் கட்டுகிறீர்கள், சப்ளையர் பில்லில் அது வராது. ஆனால் அவ்வளவோடு முடிந்ததாக நினைக்காதீர்கள். லாரிக்காரர் தன் பில்லில் ஜிஎஸ்டி போடாதபோது, பதிவுள்ள நீங்களே 5 சதவீதம் கட்டும் நிலை பெரும்பாலும் வரும்.

சப்ளையர் முதலில் கட்டிவிட்டு, லாரி ரசீதைக் காட்டி அதே தொகையை உங்களிடம் வாங்கினால்? ‘உங்கள் சார்பில் கட்டியதுதானே, வரி வேண்டாம்’ என்பார் ஒரு ஆடிட்டர், ‘எல்லாம் விலைதான்’ என்பார் இன்னொருவர். எனக்குத் தெரிந்து இருவர் இதில் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், முடிவு வரவில்லை. ‘ஃப்ரைட் அட் ஆக்சுவல்ஸ்’ என்று கண்டால் நான் ஆர்டருக்கு முன்பே, “இதற்கு வரி போடுவீர்களா?” என்று மெயிலில் கேட்டுவிடுவேன்.

“என் மனைவி விவேக்நகரில் லாண்டரி வைத்திருக்கிறாள். ஒரு வாஷிங் மெஷினுக்கு எல்லாம் சேர்த்து 59,000 என்றார்கள். 18 சதவீதம் கழித்தால் அசல் விலை 48,380. இன்னொருவர் ‘49,500 பிளஸ் டாக்ஸ்’ என்கிறார். முதல் ஆள்தானே மலிவு?”

வரியைப் பிரித்து ஒப்பிட வேண்டும் என்று நினைத்தது சரி, பிரித்த விதம்தான் தப்பு. வரி சேர்ந்த தொகையிலிருந்து 18 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது, 1.18-ஆல் வகுக்க வேண்டும். 59,000-ஐ வகுத்தால் 50,000. மற்றவருடையது வரியோடு 58,410. இரண்டாவது ஆள்தான் 590 ரூபாய் மலிவு. வாரண்டி, வீட்டில் கொண்டுவந்து பொருத்தித் தருவது எல்லாம் ஒன்றா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

“எனக்கு ஒருவர் ரேக்குக்கு 1,10,000, ‘வரி கிடையாது’ என்று கொடுத்திருக்கிறார். திருட்டு பில்லா?”

அவசரப்படாதீர்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன வியாபாரிகள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. டாக்ஸ் இன்வாய்ஸ் இல்லாமல் ‘பில் ஆஃப் சப்ளை’ கொடுப்பார்கள். அதிலேயே, நான் காம்போசிஷன் ஆள், வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்று எழுதியிருக்கும். இப்படிப்பட்டவரோ பதிவே இல்லாதவரோ கொட்டேஷனில் ‘ஜிஎஸ்டி 18%’ என்று தனியாக ஏற்றினால்தான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

யாருக்கு எது மலிவு என்பது வாங்குபவரைப் பொறுத்தது. பதிவில்லாத வீட்டுக்காரருக்கு 1,20,567-ஐ விட இந்த 1,10,000 மலிவு. பீன்யா தம்பிக்கு அப்படியில்லை. கோயம்புத்தூர் பில்லில் உள்ள 18,391-ஐ இன்புட் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டால் அவருக்கு உண்மையான செலவு 1,02,175 சொச்சம்தான். 1,10,000-இல் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் சப்ளையர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டினால்தான் உங்கள் கிரெடிட் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் வரும், அதுவரை கிரெடிட் கைக்கு வராது.

“கோயம்புத்தூர் பில்லில் ஐஜிஎஸ்டி, பெங்களூர் கடையில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டு. வெளியூரில் வாங்கினால் மலிவா?”

மொத்தம் ஒன்றே. வேறு மாநிலத்திலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி 18, ஒரே மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டி 9-ம் எஸ்ஜிஎஸ்டி 9-ம். விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 29 என்றால் கர்நாடகம், 33 என்றால் தமிழ்நாடு. அதைப் பார்த்தாலே எது வரும் என்று தெரிந்துவிடும்.

“நான் கேட்பது வேறு. 2025 ஆகஸ்டில் ஒரு ஏசிக்கு 38,000, வரி 28 சதவீதம் தனி என்று கொட்டேஷன் வாங்கி 5,000 அட்வான்ஸ் கொடுத்தேன். அக்டோபரில் பில் போட்டு அனுப்பினார்கள். பழைய வரியேதான் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.”

அக்கா, வேறு இல்லை, இதேதான். ‘வரி தனி’ என்றால் பில் போடும்போது என்ன வரியோ அது. ஏசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பொருளும் பில்லும் அதன் பிறகு வந்திருந்தால் முன்பே கொடுத்த அட்வான்ஸ் பழைய வரிக்குக் காரணமாகாது. 38,000-க்கு 28 சதவீதத்தில் 48,640, 18 சதவீதத்தில் 44,840. வித்தியாசம் 3,800.

பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் 28 என்றே போட்டிருந்தால் தப்பான வரி, கிரெடிட் நோட் கேட்கலாம். வரி 18 என்று போட்டு அசல் விலையை 41,220 ஆக்கியிருந்தால் அது விலையேற்றம். கொட்டேஷனில் எத்தனை நாள் செல்லுபடி என்று எழுதியிருந்தது, உங்கள் ஆர்டரை அவர்கள் எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பார்த்துத்தான் சண்டை போட முடியும். அந்தக் காகிதம் இருக்கிறதா?

“வாட்ஸ்அப்பில் போட்டோ இருக்கணும், தேடணும்” என்றார் அக்கா.