உப்பை மாற்றினோம், பொட்டாசியம் ஏறிவிட்டது: பிரஷர் சாப்பாடு கேள்வி பதில்

மருத்துவமனை உணவியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். மாத்திரையை நிறுத்தலாமா, கூட்டலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். தட்டில் இருப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

உப்பைக் குறைத்தால் போதாதா மேடம்? பழம், கீரை என்று வேறு ஏன் சேர்க்கச் சொல்கிறீர்கள்?

சிறுநீரகம் வடிகட்டிய உப்பில் ஒரு பங்கை மறுபடியும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ள அங்கே ஒரு வாசல் இருக்கிறது. சாப்பாட்டில் பொட்டாசியம் குறைந்தால் அந்த வாசல் அகலத் திறக்கும், தாராளமாக வந்தால் சாத்திக்கொள்ளும். தையசைடு வகை பிரஷர் மாத்திரை அடைப்பதும் இதே வாசலைத்தான். அதனால் பழமும் காயும் பருப்பும் இல்லாமல் வெறுமனே உப்பை மட்டும் குறைப்பவருக்கு, குறைத்ததன் பலன் முழுசாகக் கிடைப்பதில்லை.

1997-இல் வெளியான டாஷ் ஆய்வில் உப்பின் அளவை மாற்றவே இல்லை. பழம், காய், பருப்பு, கொட்டை வகை, கொழுப்பு குறைந்த பால், தயிர் இவற்றைக் கூட்டினார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. இரண்டு வாரத்திலேயே இறக்கம் தெரிந்தது. 2001-இல் வந்த அடுத்த ஆய்வில் அதே சாப்பாட்டோடு உப்பையும் குறைத்தார்கள், இன்னும் இறங்கியது.

இளஞ்சிவப்பு உப்பு நல்லதா?

அதுவும் சோடியம் குளோரைடுதான். நிறத்துக்காக வாங்குவதானால் வாங்குங்கள்.

மெக்னீசியம், கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டால் இதே பலன் வராதா? தினமும் சமைக்க நேரமில்லை.

வராது. மெக்னீசியம் மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வுகளில் சராசரியாக இறங்கியது சுமார் 2 புள்ளி, சிலருக்குக் கூடவே வயிற்றுப்போக்கு. அதே மெக்னீசியத்தை ஒரு கைப்பிடி பூசணி விதையிலோ ஒரு கிண்ணம் பீன்ஸ் விதையிலோ எடுத்தால் பொட்டாசியமும் நார்ச்சத்தும் சேர்ந்து வரும்.

கால்சியத்துக்குப் பாலும் தயிரும் போதும். பசலைக்கீரையைக் கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நூற்றில் ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். பொட்டாசியத்துக்கு அது அருமையான கீரை, சரி.

அப்பாவுக்கு 72 வயது. டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிப் போடுகிறோம். நல்ல உப்புதானே என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டோம். பிரஷர் அப்படியேதான் இருக்கிறது. நேற்று ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.1. கால் சோர்வு என்கிறார். வாழைப்பழத்தை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

முதலில் இதைச் செய்யுங்கள்: இன்றே, இப்போதே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈசிஜி எடுங்கள். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ரத்தம் எடுக்கும்போது இரத்த அணுக்கள் உடைந்து பொய்யாகக் கூடுதல் எண் காட்டுவதும் உண்டு, ஆனால் அதை அவர்கள் மறுபடி எடுத்துச் சொல்லட்டும். வீட்டில் இருந்தபடி நீங்கள் ஊகிக்க வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அந்த வகை உப்பில் பெரும்பாலும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. முன்பு ஒரு நாளைக்கு 8 கிராம் சாதா உப்பு போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோடியம் சுமார் 3.1 கிராம். இப்போது தாராளமாக 10 கிராம் புது உப்பு. அதில் சாதா உப்பு ஏழரை கிராம் இருப்பதால் சோடியம் 2.9 கிராம். ஆக, சோடியம் குறைந்தது வெறும் 0.2 கிராம், அதனால்தான் பிரஷர் அசையவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2 கிராம். இதற்குப் பதிலாக உள்ளே போனது தினம் 1.3 கிராம் கூடுதல் பொட்டாசியம், ஏறக்குறைய மூன்று வாழைப்பழம்.

நல்ல சிறுநீரகத்துக்கு மூன்று வாழைப்பழம் ஒரு விஷயமே இல்லை. அப்பா சாப்பிடும் இரண்டு மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்லும் ஹார்மோனின் கையைக் கட்டிப்போடுகின்றன. மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் மாதிரி ஏதாவது போடுகிறாரா என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் சிறுநீரகத்தை மந்தமாக்கும். பிரச்சினை வாழைப்பழம் அல்ல, நிறுத்த வேண்டியது அந்த உப்பை.

மற்றவர்களும் கவனியுங்கள். மாத்திரைப் பெயர் 'பிரில்' என்றோ 'சார்டான்' என்றோ முடிந்தால், அல்லது அது ஸ்பைரோனோலாக்டோன் என்றால், உப்பை மாற்றும் முன் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது.

சும்மா பயமுறுத்துகிறீர்கள். சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேருக்கு இதே மாதிரி உப்பைக் கொடுத்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, பொட்டாசியத்தால் ஆபத்து கூடவில்லை.

ஆய்வை ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் பாருங்கள். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும் பொட்டாசியத்தைத் தேக்கும் சிறுநீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதில் இல்லை. மேலே கேட்டவரின் அப்பா அந்த ஆய்வின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

நான் படித்தவரை உணவிலுள்ள பொட்டாசியம் யாரையும் ஒன்றும் செய்யாது, உப்பிலுள்ளதுதான் ஆபத்து. சரிதானே அக்கா?

பாதி சரி. காய், பழத்தில் இருப்பது மெதுவாக வருகிறது, கூடவே வரும் மாவுச்சத்து இன்சுலினைத் தூண்டி பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடுகிறது. உப்பில் இருப்பது ஒரேயடியாக, முழுசாக உள்ளே போகிறது. ஆனால் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டவருக்கு ஒரு பெரிய டம்ளர் பழச்சாறே அதிகம்.

கடல் உப்பு, பாறை உப்பு இதெல்லாம்?

மேலே இளஞ்சிவப்புக்குச் சொன்ன பதிலை நிறம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் நான்தான், சீன ஆய்வைச் சொன்னவன். உங்கள் எச்சரிக்கையைப் படித்து ஆயிரம் பேர் அந்த உப்பையே வாங்காமல் விட்டால், தவிர்க்க முடிந்த பக்கவாதங்களுக்கு யார் பொறுப்பு? பலருக்குத் தங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதே தெரியாது என்பீர்கள். தெரியாமல் பிரஷரோடு இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

நல்ல கேள்வி, இதில் நான் முழுக்க எதிர்ப்பக்கம் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் பெரியவர்களுக்கு இந்த உப்பைப் பரிந்துரைத்தது. சிறுநீரகம் கெட்டவர்களை அதிலும் விலக்கித்தான் வைத்தது. நீங்கள் ஊரைக் கணக்கெடுக்கிறீர்கள், என் முன்னால் வருவது ஒரு ஆள், கையில் ஒரு மாத்திரைப் பட்டை. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாங்குங்கள் என்பதை வாங்காதீர்கள் என்று படிக்க வேண்டாம். பரிசோதனைக்கு வழியே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்றால், அங்கே உங்கள் வாதம் என்னுடையதைவிட வலுவானது.

எனக்கு பிரஷர் எப்போதும் 90/60தான். உப்பைக் கூட்டலாமா?

இது உயர் ரத்த அழுத்தத்துக்கான பகுதி. தலைசுற்றல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

டப்பாவில் 'சோடியம் 600 மில்லிகிராம்' என்று போட்டிருக்கிறது. உப்பு எவ்வளவு?

இரண்டரையால் பெருக்குங்கள், ஒன்றரை கிராம். அது எத்தனை கிராம் உணவுக்கு என்றும் பாருங்கள். பொதுவாக 100 கிராமுக்குப் போட்டிருப்பார்கள், நீங்கள் சாப்பிடுவது 250 ஆக இருக்கும். அப்புறம், ரொட்டி, சீஸ், சாஸ், பதப்படுத்திய இறைச்சி இவற்றில் வரும் உப்பை எந்த உப்பு டப்பாவை மாற்றினாலும் குறைக்க முடியாது.

அப்பாவை அழைத்துப் போனோம் மேடம். ஈசிஜியில் மாற்றம் இருந்ததால் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இப்போது 4.8. ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்திவிட்டார்கள். உருளைக்கிழங்கு தரலாமா?

நல்ல நேரத்தில் போனீர்கள். தரலாம், ஆனால் சின்னத் துண்டாக வெட்டி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். சிறுநீரகம் நன்றாக உள்ள வீட்டுக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம், தோலோடு ஆவியில் வேகவையுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் தேதி கேட்டு வாங்கிவிட்டீர்களா?