ஆறு பிஸ்கட்டில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

கேள்வி: டாக்டர், எங்கள் சொசைட்டியில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் குழுவில், பாக்கெட் தின்பண்டங்களின் லேபிளை எப்படிப் படிப்பது என்று அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டயட்டீஷியன் இல்லை. பிள்ளைகள் நான்கு முதல் பத்து வயது. சர்க்கரையையும் உப்பையும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: இரண்டே பாக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள்: ஒரு கிரீம் பிஸ்கட், ஒரு இன்ஸ்டன்ட் நூடுல்ஸ். கூடவே சமையலறைத் தராசு, 5 மில்லி அளவு டீஸ்பூன், இரண்டு கண்ணாடிக் கிண்ணம், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு. படம் காட்டும் ஸ்லைடு எதுவும் வேண்டாம். கிண்ணத்தில் சர்க்கரை விழுவதைப் பார்த்தவர்களுக்கு எண் மறந்தாலும் அந்தக் குவியல் மறக்காது.

லேபிளில் சத்து அட்டவணை பத்துப் பன்னிரண்டு வரி ஓடும். அத்தனையையும் விளக்கப் போனால் கொழுப்பு வரியிலேயே அரை மணி நேரம் போய்விடும். இரண்டே வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள்: 'ஆடட் சுகர்ஸ்', 'சோடியம்'. அடுத்து, எந்தப் பத்தியில் படிப்பது என்பதைச் சொல்லுங்கள். தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் வரும். ஒரு பத்தி 100 கிராமுக்கு எவ்வளவு என்று சொல்லும். இன்னொன்று 'பெர் சர்வ்', அதாவது கம்பெனி தானே தீர்மானித்த ஒரு பங்குக்கு. அதன் பக்கத்தில், ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவில் இது எத்தனை பங்கு என்று சொல்லும் ஆர்.டி.ஏ. சதவீதம் என்று ஒன்று இருக்கும். உங்கள் கூட்டத்துக்கு 100 கிராம் பத்தி ஒன்றே போதும்.

ஏன் என்பதை கிரீம் பிஸ்கட்டே காட்டிவிடும். கணக்குக்கு ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் ஆடட் சுகர்ஸ் 35 கிராம். ஒரு பங்கு 20 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். அந்தப் பங்குக்கு எதிரே ஆர்.டி.ஏ. 14 சதவீதம் என்று இருக்கும். பார்க்கிற அம்மாவுக்கு, 'பதினாலுதானே, பரவாயில்லை' என்று தோன்றும். அந்தப் பதினாலு யாருடையது? நம் நாட்டு விதிப்படி அது ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்குப் போட்ட கணக்கு. அவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என்று வைத்துத்தான் எல்லாப் பாக்கெட்டிலும் சதவீதம் போடுகிறார்கள். உங்கள் யு.கே.ஜி. பிள்ளைக்கு அது பொருந்தாது. இரண்டு முதல் பதினெட்டு வயது வரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். ஆகவே பிள்ளைக்கு அந்தச் சதவீதத்தை இரண்டு மடங்காக்கிப் படிக்க வேண்டும். இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தும் பிள்ளையையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதைக் கூட்டத்தில் இப்படிப் பேசலாம்:

"ஸ்கூல் விட்டு வந்ததும் உங்க பையன் எத்தனை பிஸ்கட் சாப்பிடுவான்? ஆறு? சரி, ஆறு பிஸ்கட்டைத் தராசுல வைக்கிறேன், பாருங்க, அறுபது கிராம். பாக்கெட்ல என்ன போட்டிருக்கு? நூறு கிராமுக்கு முப்பத்தஞ்சு. அறுபதை முப்பத்தஞ்சால பெருக்கி, நூறால வகுத்தா இருபத்தொண்ணு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை நாலு கிராம். இப்போ எண்ணுங்க: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, மேல இன்னும் கொஞ்சம். இவ்வளவையும் பால்ல போட்டுக் குடுப்பீங்களா?"

எண்ணும்போது ஒவ்வொரு ஸ்பூனையும் கத்தியின் முதுகால் தட்டையாக வழித்துப் போடுங்கள். வீட்டுச் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூனைக் குவித்து எடுத்தால் ஏழெட்டு கிராம்கூடப் பிடிக்கும். 'நாலு கிராம் என்றீர்கள், தராசு எட்டு காட்டுகிறதே' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதன்பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் நம்பமாட்டார்கள். வீட்டிலேயே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த இடத்தில் யாராவது, 'டோட்டல் சுகர்ஸ் என்று மேலே ஒரு வரி இருக்கிறதே, அது என்ன?' என்று கேட்பார்கள். அதற்குச் சுவையூட்டிய பால் பாட்டில் நல்ல உதாரணம். 200 மில்லி பாட்டிலில் 100 மில்லிக்கு டோட்டல் 10.5 கிராம், ஆடட் 6 கிராம் என்றிருந்தால், முழுப் பாட்டிலில் மொத்தம் 21 கிராம். அதில் 12 கிராம், மூன்று ஸ்பூன், கம்பெனி போட்டது. மீதி 9 கிராம் பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். வெறும் பாலிலும் அது இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் இந்த வித்தியாசத்தை எல்லா இடத்திலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பேரீச்சம்பழ பேஸ்ட்டில் செய்த பார்களில் ஆடட் சுகர்ஸ் பூஜ்யம் என்றும் டோட்டல் 40 என்றும் பார்க்கலாம். பல்லில் ஒட்டும் அந்த இனிப்புக்கு மேலே உள்ள வரியைத்தான் பார்க்க வேண்டும்.

சேர்மானப் பட்டியலுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். எடை அதிகமான பொருளிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று மூன்று பெயரில் பிரிந்து நின்றால், ஒவ்வொன்றும் தனித்தனியே கீழே இறங்கி, மைதா முதலிடத்தில் நிற்கும். மூன்றையும் கூட்டிய எண் அட்டவணையில் இருப்பதால் நம் கணக்கு தப்பாது. மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் நழுவிவிடும். அது இனிப்புக் குறைந்த மாவுச்சத்து, சர்க்கரை வரியில் சேராது, ஆனால் உடலில் வேகமாகக் குளுக்கோஸாக மாறும். சத்து மாவு, ஹெல்த் டிரிங்க் என்று விற்கும் பொடிகளில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

உப்புக்கு வருவோம். இங்கே சிக்கல் வேறு. பாக்கெட்டில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்றிருக்கும். கிராமில் அல்ல, மில்லிகிராமில் இருக்கும். உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம். அதனால் 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. இந்த ஒரு எண்ணை மட்டும் பலகையில் பெரிதாக எழுதுங்கள்.

"இது எழுபது கிராம் நூடுல்ஸ் பாக்கெட். நூறு கிராமுக்கு சோடியம் ஆயிரத்து இருநூறு மில்லிகிராம்னு போட்டிருக்கு. எழுபது கிராமுக்கு எண்ணூத்தி நாப்பது. நானூறால வகுங்க, ரெண்டு கிராம் உப்பு, சொச்சம். தராசுல உப்பைப் போடறேன், ரெண்டு கிராம் இவ்வளவு. அஞ்சு வயசுக் குழந்தைக்கு நாள் முழுசுக்கும் மூணு கிராம் உப்பு போதும். சாயங்காலம் ஒரு பாக்கெட்லயே மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. காலையில இட்லி சாம்பார், மத்தியானம் ரசம் சாதம், அதெல்லாம் இன்னும் சேர்க்கலை."

நான்கு முதல் ஆறு வயதுக்கு 3 கிராம், ஏழு முதல் பத்து வயதுக்கு 5 கிராம் என்பது பிரிட்டன் அரசு வைத்திருக்கும் மேல்வரம்பு. 'மசாலாவைப் பாதி போட்டால் உப்பும் பாதிதானே?' என்று கேட்பார்கள். குறையும், ஆனால் சரிபாதி ஆகாது, நூடுல்ஸ் கேக்கிலேயே உப்பு இருக்கிறது. குழந்தைகள் யாராவது கூட்டத்துக்கு வந்திருந்தால் அந்த உப்புக் கிண்ணத்தை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நாக்கை நம்ப முடியாது என்பதற்கு ஒரு ஒப்பீடு சொல்லுங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். 100 கிராமுக்கு 700 மில்லிகிராம் சோடியம் உள்ள உருளைக்கிழங்கு வேஃபர்ஸ், 30 கிராம் பாக்கெட்: 210. 100 கிராமுக்கு 450 உள்ள பிரெட், இரண்டு ஸ்லைஸ், 50 கிராம்: 225. வேஃபர்ஸில் உப்பு மேலே ஒட்டியிருப்பதால் நாக்கு உடனே கண்டுகொள்கிறது. பிரெட்டில் மாவுக்குள் கலந்து கிடக்கிறது. இனிப்பு பிஸ்கட்டிலும் சோடியம் இருக்கும், அதில் சமையல் சோடாவின் பங்கும் உண்டு. பட்டியலில் 500(ii) என்ற எண் சமையல் சோடா, 621 என்பது அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் உப்பு. சோடியம் வரி இவை எல்லாவற்றையும் கூட்டியது, ஆகவே இந்த எண்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

'அப்படியானால் சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. அந்த உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கானது மட்டுமே. குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களைப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் உப்பை மாற்றக் கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாக்கெட் முகப்பில் 'லோ சோடியம்', 'லோ சுகர்' என்று போட்டிருந்தால் அதற்கு அளவு உண்டு: திட உணவில் 100 கிராமுக்குச் சோடியம் 120 மில்லிகிராமுக்குள், சர்க்கரை 5 கிராமுக்குள். 'பேக்டு', 'மல்டிகிரெய்ன்' போன்ற சொற்கள் உப்பைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை. திருப்பி அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும். மிகச் சிறிய பாக்கெட்டில் இடமில்லை என்று அட்டவணையையே விட்டுவிட விதி இடம் தருகிறது. அந்த விவரம் பெரிய கட்டின் உறையில் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டால் காட்டுவார்.

மும்பையில் ஃபர்ஸானைப் பற்றிக் கேட்காமல் உங்களை விடமாட்டார்கள். கடையில் நிறுத்துக் கட்டித் தரும் சேவ், சக்லியில் லேபிளே கிடையாது, கணக்குப் போட வழியில்லை. 'நாங்கள் வீட்டு முறுக்குதான் தருகிறோம்' என்று ஒருவர் சொன்னால், அதற்கு மட்டும் கணக்கு இருக்கிறது. அரைக் கிலோ மாவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, சுமார் 10 கிராம். சுட்டு முடித்து நிறுத்தால் 650 கிராம் வருகிறது என்று வையுங்கள். 100 கிராம் முறுக்கில் ஒன்றரை கிராம் உப்பு, சோடியமாகச் சொன்னால் 600 மில்லிகிராம். வேஃபர்ஸ் பாக்கெட்டைவிட நூறுதான் குறைவு. அடுத்த முறை பிசையும்போது ஒரு டீஸ்பூன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எள்ளும் ஓமமும் கொஞ்சம் தாராளமாக விழுந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.