கைபேசியில் தமிழ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்ட்ராய்டு போனில் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை எளிதாக இருக்கிறது, ஆனால் பிழைகள் வருகின்றன. புரிந்தால் போதாதா என்றும் தோன்றுகிறது. கணவர் குரலில் சொல்லி எழுதச் சொல்கிறார். அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல், விரலால் எழுதும் முறை வேண்டும் என்கிறார். எது நல்லது?

செல்வி, தென்காசி

அன்புள்ள செல்வி,

புரிந்தால் போதாது. பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்லும் செய்திக்குப் போதும். கதை எழுதப் புறப்பட்டவர் இப்படிக் கேட்கலாமா?

என் அக்கா மகள் போன மாதம் ஊரிலிருந்து கிளம்பும்போது ‘பஸ் ஏரிவிட்டேன்’ என்று செய்தி அனுப்பினாள். பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளைக் கொடுத்து அதே வரியை எழுதச் சொன்னேன். யோசிக்காமல் ‘ஏறிவிட்டேன்’ என்று எழுதினாள். பிறகு போனை வாங்கி அவள் அடிப்பதைப் பார்த்தேன். eri என்று அடித்தாள், மேலே ஏரி, எரி, ஏறி மூன்றும் வந்தன, விரல் முதலில் இருந்ததைத் தொட்டுவிட்டது. அவளுக்கு எழுத்து தெரியும். ஆனால் அவள் அடித்த r என்பதில் ர, ற என்ற வேறுபாடே இல்லை. அதை மென்பொருள் ஊகித்தது, அவள் தலையாட்டினாள். ல, ள, ழ மூன்றுக்கும், ந, ன, ண மூன்றுக்கும் இதேதான் நடக்கிறது. நாள்தோறும் இப்படித் தலையாட்டிக்கொண்டிருந்தால் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும் என்பது என் பயம்.

இப்படி ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் விசைப்பலகைகள் எல்லாம் ஒன்றல்ல. நீங்கள் பயன்படுத்துவது ஊகித்துப் பட்டியல் தரும் வகை. ‘அஞ்சல்’ முறை அப்படி இல்லை. அதில் சிறிய r ர், பெரிய R ற், பெரிய L ள், z ழ். எந்த எழுத்து என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆங்கில எழுத்தை விட மனமில்லை என்றால் குறைந்தது இதற்காவது மாறுங்கள்.

ஆனால் நான் சொல்வது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் என்ற கணினித் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அமைப்பு. இடப்பக்கம் உயிரெழுத்துகள், வலப்பக்கம் பெரும்பாலும் மெய்கள். நடு வரிசையில் வலக்கை விரல்கள் இருக்கும் இடத்தில் க, ப, ம, த. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ம, ம, ஆ என்று அடித்தால் ‘ம்மா’. ந அடித்துத் த அடித்தால் ‘ந்த’, ங அடித்துக் க அடித்தால் ‘ங்க’. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் முதல் ம-வுக்குப் பின் அ அடித்துவிட்டு அடுத்த ம-வுக்குப் போக வேண்டும்.

வேகம் குறையும் என்பீர்கள். எண்ணிப் பாருங்கள். ‘ஏறிவிட்டேன்’ தமிழ்99இல் ஏ, ற, இ, வ, இ, ட, ட, ஏ, ன, புள்ளி என்று பத்துத் தட்டல். erivitten ஒன்பது, அப்புறம் பட்டியலில் தேர்வு ஒன்று. கணக்கு சமம்தான். தமிழ்99இல் ர-வும் ற-வும் தனித்தனி விசை என்பதால் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. பழகும்வரை எரிச்சலாக இருக்கும். உயிர்கள் பன்னிரண்டின் இடத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள், மெய்கள் பின்னாலேயே வந்துவிடும். ‘செல்லினம்’ செயலியில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு விசைப்பலகை அமைப்பிலேயே இருக்கின்றன.

குரல் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணவர் கடைப் பட்டியல் எழுதட்டும். நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். ‘வந்துட்டாங்க’ என்று சொன்னால் மென்பொருள் தடுமாறும், ‘வந்துவிட்டார்கள்’ என்று மேடையில் பேசுவதுபோல் சொல்ல வேண்டும். ‘கடைக்குப் போனேன்’ என்பதில் அந்த ‘ப்’ பல நேரம் காணாமல் போகும். காற்புள்ளிகளைக் கடைசியில் நீங்கள்தான் வைக்க வேண்டும். உரையாடல் நிறைந்த கதையைச் சொல்லிப் பாருங்கள், திருத்தும் நேரத்தில் இன்னொரு கதை எழுதிவிடலாம்.

அம்மா விஷயம் வேறு. அவர் ஆயுள் முழுக்கக் கையால் எழுதியவர், எந்த ற என்று கைக்கே தெரியும். அவரை எதற்கும் மாற்றாதீர்கள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்க்கும்போதே கையெழுத்து வடிவத்தையும் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ண-வில் ஒரு சுழி குறைந்தால் ன ஆகிவிடும், அதனால் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். புள்ளியை மெய்க்கு நேர் மேலே, அடுத்த எழுத்துக்குப் போவதற்கு முன்பே வைக்கட்டும். நீண்ட சொல்லை இரண்டு மூன்று துண்டாக எழுதினால் தவறு குறையும்.