இனிஷியலோடு வரும் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது எப்படி?

"எங்கள் நலச்சங்க உறுப்பினர் பட்டியலைத் தமிழில் அடுக்கினால் ஒரு வரிசை, ஆங்கிலத்தில் அடுக்கினால் வேறு வரிசை வருகிறது. இனிஷியலைப் பார்த்து அடுக்க வேண்டுமா, பெயரைப் பார்த்தா?"

பெயரைப் பார்த்துத்தான். ஒரே பெயரில் பலர் இருந்தால் மட்டும் இனிஷியலுக்குப் போங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் உறுப்பினர் பதிவேட்டை இரண்டு மொழியிலும் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் வரக்கூடிய ஐந்து பெயர்களை எடுத்துக்கொள்வோம்: சு. வேலு, எஸ். அன்பழகன், ஞா. குமார், ஏ. லோகநாதன், மு. கலா.

லோகநாதனின் ஏ. என்பது ஏழுமலை என்று வைத்துக்கொண்டு, இனிஷியலை வைத்து ஆங்கிலத்தில் அடுக்கினால் E. Loganathan, G. Kumar, M. Kala, S. Anbazhagan, S. Velu என்று வரும். தமிழில் அதே முறையில் அடுக்கினால் எஸ். அன்பழகன், ஏ. லோகநாதன், சு. வேலு, ஞா. குமார், மு. கலா. ஆங்கிலத்தில் நான்காவதாக நின்ற அன்பழகன் தமிழில் முதலாவதாக வந்துவிட்டார். அங்கே அவருக்கு அடுத்து நின்ற வேலு இங்கே மூன்றாவது.

காரணம் இதுதான். தமிழ் இனிஷியல் தந்தை பெயரின் முதல் எழுத்து. அது பெரும்பாலும் உயிர்மெய். சுப்பிரமணி என்றால் சு, சண்முகம் என்றால் ச. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே S. ஞானப்பிரகாசத்தின் மகனுக்குத் தமிழில் ஞா, ஆங்கிலத்தில் G. இதை விடப் பெரிய குழப்பம், ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதுவதால் வருகிறது. எஃப், எல், எம், என், எஸ் எல்லாமே எகரத்தில் தொடங்குபவை. இப்படி எழுதியவர்கள், தந்தை பெயர் எதுவானாலும், பட்டியலின் தலையில் ஒரே இடத்தில் குவிந்துவிடுவார்கள். 'ஏ.' என்று மட்டும் இருந்தால் அது ஏழுமலையா, ஆறுமுகத்தின் A-வா என்று யாராலும் சொல்ல முடியாது. 2021 இறுதியில் தமிழ்நாடு அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுத ஆணையிட்டது. ஆனால் பெரியவர்கள் பலருடைய பழைய ஆவணங்களில் எஸ்., எம். என்றுதான் இருக்கிறது. ஒரே வீட்டில் தந்தை எம்., மகள் மு. என்று எழுதுவதைப் பதிவேட்டில் பார்க்கலாம்.

இப்போது இனிஷியலை மறந்து பெயரை மட்டும் அடுக்குங்கள். தமிழில் அன்பழகன், கலா, குமார், லோகநாதன், வேலு. ஆங்கிலத்திலும் Anbazhagan, Kala, Kumar, Loganathan, Velu. இரண்டும் அப்படியே பொருந்துகின்றன! நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று பெயரை முன்னால் வைத்துப் பதிவதும் இந்த முறைதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவருடைய S என்பது ஷியாழி, அதாவது சீர்காழி என்ற ஊர். R என்பது தந்தை ராமாமிர்தம். ஊரையும் தந்தையையும் வைத்து ஒருவரைத் தேடுவது எவ்வளவு சுற்று வழி!

ஆனால் இந்தப் பொருத்தம் எப்போதும் நிலைக்காது. தனலட்சுமி என்று ஒருவர் சேர்ந்தால் தமிழில் குமாருக்குப் பின்னால் நிற்பார். Dhanalakshmi என்று எழுதினால் கலாவுக்கு முன்னால் போய்விடுவார். ஆங்கிலத்துக்கு D, T என்று பிரிவு உண்டு, தமிழில் ஒரே த. ஜெயா வந்தால் இன்னொரு சிக்கல். கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைப்பது தமிழ் மரபு. கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையிலோ ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து அடுக்கும் கணினி நிரலில் ஜெயா தனலட்சுமிக்கு முன்னால் வருவார். மரபுப்படி வேலுவுக்கும் பின்னால். உங்கள் நிரல் எதைப் பின்பற்றுகிறது என்று அறிய, ஜெயா, வேலு என்ற இரண்டே பெயர்களை அடுக்கிப் பாருங்கள்.

ஆகவே அட்டவணையில் இனிஷியலுக்குத் தனிப் பத்தி வையுங்கள். ஒரே பத்தியில் 'சு.வேலு', 'சு. வேலு', 'சு வேலு' என்று மூன்று விதமாக ஆட்கள் எழுதுவார்கள். புள்ளியும் இடைவெளியும் வரிசையைக் கலைத்துவிடும். முதலில் பெயர்ப் பத்தி, அடுத்து இனிஷியல் பத்தி என்று அடுக்கச் சொல்லுங்கள். உறுப்பினர் சேரும்போது தந்தை பெயரை முழுதாகக் கேட்டு வாங்கி, தமிழ்ப் பட்டியலின் இனிஷியலை அதிலிருந்து நீங்களே எடுத்து எழுதுங்கள். ஆவணத்தில் உள்ள வடிவத்தை வேறொரு பத்தியில் மாற்றாமல் வைத்திருங்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் குமார்களுக்குப் பஞ்சமே இல்லை. ச. குமார், சு. குமார், ஞா. குமார் மூவரும் தமிழ்ப் பட்டியலில் தெளிவாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு S. Kumar வந்துவிடுவதால் அங்கே உறுப்பினர் எண்ணை மூன்றாவது பத்தியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சந்தா ரசீதை அந்த எண்ணை வைத்தே எழுதுங்கள். வரிசை எண்ணை வைத்து எழுதினால், பட்டியலை மறுபடி அடுக்கிய அன்றே ஒருவருடைய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.