தண்ணீர் அமிலத்தைச் செலவழிப்பதில்லை

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் ஜீரண நீர் நீர்த்துப் போய்விடும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

நீர்த்துப் போவது உண்மைதான், ஆனால் சில நிமிடங்களுக்குத்தான். அதனால் ஜீரணம் கெட்டுப்போகிறது என்பதில்தான் தவறு இருக்கிறது.

நான் கல்லூரியில் உடலியங்கியல் செய்முறை வகுப்பு எடுப்பவன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். நான் வாயால் பதில் சொல்வதில்லை, இரண்டு பீக்கரை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவேன்.

ஒவ்வொன்றிலும் 50 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தின் கடுமையைச் சொல்லும் எண்தான் பி.எச்., எண் குறையக் குறைய அமிலம் கடுமை. பி.எச். தாளை நனைத்தால் அடர்சிவப்பு, அதாவது ஏறக்குறைய 1. முதல் பீக்கரில் ஒரு தம்ளர், 200 மில்லி தண்ணீர் ஊற்றுவோம். கரைசல் ஐந்து மடங்கு ஆகிவிட்டது, அப்படியானால் அமிலம் 'செத்திருக்க' வேண்டும் அல்லவா? தாளை விட்டுப் பார்த்தால் இன்னும் சிவப்புதான். கணக்குப்படி 1.7. பி.எச். அளவுகோல் அப்படிப்பட்டது: ஓர் எண் ஏற வேண்டுமானால் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். இரண்டாவது பீக்கரில் அதே 200 மில்லி, ஆனால் தண்ணீருக்குப் பதில் பால். அமிலம் பட்ட இடங்களில் பால் திரிதிரியாகத் திரியும். கலக்கிவிட்டுத் தாளை நனைத்தால் சிவப்பைக் காணோம், மஞ்சள் பக்கம் போயிருக்கும், 5-ஐ ஒட்டி.

இரண்டிலும் ஊற்றியது ஒரே அளவுதான். தண்ணீர் அமிலத்தைப் பரப்பி வைத்ததே தவிர, ஒரு துளியைக்கூடச் செலவழிக்கவில்லை. பாலில் உள்ள புரதமும் உப்புகளும் அமிலத்தைப் பிடித்துக்கொண்டன. வயிற்றிலும் இதேதான் நடக்கிறது. வெறும் வயிற்றில் 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும் பி.எச்., சாப்பிட்டதும் 4, 5 என்று ஏறிவிடுகிறது. ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவருக்கும் அப்படித்தான். திரும்ப இறங்க ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகும். அமிலம் குறைவதுதான் பயம் என்றால், முதலில் பயப்பட வேண்டியது சாப்பாட்டைப் பார்த்து!

சரி, அந்த ஒரு தம்ளர் தண்ணீரை மறுபடி அமிலமாக்க வயிறு எவ்வளவு பாடுபட வேண்டும்? அமிலத்தின் அளவை எண்ணும் அலகு மில்லிமோல். 200 மில்லி தண்ணீரைப் பி.எச். 2-க்குக் கொண்டுவர 2 மில்லிமோல் அமிலம் போதும். இரைப்பைச் சுவரின் அமிலச் செல்கள் சுரப்பது லிட்டருக்குச் சுமார் 150 மில்லிமோல் செறிவுள்ள சாறு. வகுத்துப் பாருங்கள், 13 மில்லி வரும். ஒரு மேசைக்கரண்டி கூட முழுதாக இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு மும்முரமாகச் சுரக்கும் நேரத்தில் மணிக்கு 20 மில்லிமோலோ அதற்கு மேலோ சுரக்கும். 20 என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் தம்ளருக்கு ஆறு நிமிட வேலை.

அதுவும் தண்ணீர் முழுக்க அங்கேயே தங்கினால்தான். தங்குவதில்லை. வெறும் வயிற்றில் குடித்த ஒரு தம்ளர் தண்ணீரில் பாதி 10, 15 நிமிடத்தில் சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். வயிற்றில் சாப்பாடு இருந்தாலும், தண்ணீர் அதோடு நன்றாகக் கலந்து காத்திருக்காமல், இரைப்பையின் உள்வளைவை ஒட்டி ஓடிப் பெரும்பகுதி முந்திக்கொண்டு போய்விடுகிறது. கெட்டி உணவு பாதி காலியாகவே இரண்டு மணி நேரம் போல ஆகும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் வெறும் வயிற்றில் பி.எச். அளக்கும் கம்பியை இறக்கிவைத்து 200 மில்லி தண்ணீர் கொடுத்தார்கள். என் பீக்கரில் இருந்த அளவு அமிலம் வெறும் வயிற்றில் இருக்காது என்பதால், ஒரு நிமிடத்தில் பி.எச். 4-ஐத் தாண்டியது, மூன்று நிமிடம் போல ஆனதும் திரும்பி வந்துவிட்டது. நான் முதலில் சொன்ன 'சில நிமிடங்கள்' இதுதான்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி, வயிறு தன் அமிலத்தைத் தானே அளந்து பார்ப்பது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை விடும் செல்கள் உண்டு. 'இன்னும் சுரக்கலாம்' என்று சொல்வது அதன் வேலை. பி.எச். 3-க்குக் கீழே இறங்கியதும் பக்கத்துச் செல்கள் சொமட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோனை விட்டு அதற்கு பிரேக் போடும். தண்ணீரால் அமிலம் கொஞ்சம் நீர்த்தால் பிரேக் தளர்கிறது, அவ்வளவுதான்.

"அமிலம் சரி சார், என்சைம்?" என்று கேட்டாள் போன வருடம் ஒரு மாணவி. நியாயமான கேள்வி. இரைப்பையின் என்சைமான பெப்சின் புரதத்தை உடைக்கத் தொடங்குகிறதே தவிர, முக்கால்வாசி வேலை சிறுகுடலில் கணைய நீரால் நடக்கிறது. அந்தக் கணையம் எவ்வளவு தாராளமாகச் சுரக்கிறது தெரியுமா? அதன் என்சைம் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் தெரிய ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், நாம் குடிப்பது எல்லாம் சேர்த்துச் சிறுகுடல் ஒரு நாளில் சந்திப்பது 8, 9 லிட்டர். அதில் உங்கள் தம்ளர் எம்மாத்திரம்? அப்புறம், என்சைம் உணவை உடைக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு செலவாகிறது. தண்ணீர் அந்த வேலைக்கு வேண்டிய சரக்கு.

"ஆனால் தண்ணீர் குடித்தால் எனக்கு வயிறு கனக்கிறதே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அது நீர்த்துப்போனதால் வருவதில்லை, வயிறு விரிவதால் வருவது. நிறைந்த வயிற்றில் மடமடவென்று அரை லிட்டர் ஊற்றினால் இரைப்பையின் மேல்பகுதி இழுபடும். அப்படி இழுபடும்போது உணவுக்குழாயின் அடிவால்வு அடிக்கடி திறந்துகொள்ளும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது தொல்லை. எனக்கே உண்டு. சாப்பிட்டதும் குனிந்தாலோ படுத்தாலோ புளிப்பு தொண்டைக்கு வரும். தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன், சாப்பாடு தொண்டையில் சிக்கியதுதான் மிச்சம். பெரிய தம்ளரை விட்டுவிட்டு இடையிடையே இரண்டு மடக்கு என்று மாற்றிக்கொண்டதில் பாதி குறைந்தது.

உண்மையாகவே சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்று சொல்லப்படுபவர்களும் இருக்கிறார்கள். உடல் எடைக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை செய்துகொண்டவர்களைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடிக்க வேண்டாம் என்பார்கள். காரணம் அமிலம் அல்ல, இடம். சிறுநீரகமோ இதயமோ பழுதாகி, நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வாங்கியவர்களுக்கு அந்த அளவுதான் கணக்கு, எந்த நேரத்தில் என்பதல்ல. இன்னொன்று, மெல்லாமல் தண்ணீரை ஊற்றி விழுங்கும் பழக்கம். அங்கே குற்றவாளி பல்லுக்கு வேலை கொடுக்காதது.

மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, ஃப்ளஷ் செய்தும் போகாமல், கூடவே எடையும் இறங்கினால் அது நிஜமான செரிமானக் குறை. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கும் நேரத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.